முதலில் தண்ணீரை ஊற்றுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும், சைட் இன்ஜினியர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும்

வணக்கம்.

கட்டுமானத் தளங்களில் சேஃப்டி சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். வெயிலில் ஆள் விழுந்தால் நம் சைட்டுகளில் ஒரே ஒரு வழக்கம்தான் இருக்கிறது: நான்கு பேர் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவது, கிடைத்த ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டுவது. மனசு நல்ல மனசுதான். ஆனால் வெப்பத்தாக்கில் அந்த ஆட்டோ பயணம்தான் ஆளைக் கொல்கிறது. அவரைக் காப்பாற்றத் தேவையான பொருட்களில் பெரும்பாலானவை சைட்டிலேயே கிடக்கின்றன. கியூரிங் ஹோஸ், தார்ப்பாய், சம்ப்பில் தண்ணீர், பக்கத்து மீன் கடையில் ஐஸ். இவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பது தெரியாததால்தான் ஆள் போகிறது. அதை எழுதத்தான் இந்த மடல்.

போன கத்திரியில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே சொல்கிறேன். சைட் எது, யாருடையது என்பதெல்லாம் வேண்டாம். நம் எல்லா சைட்டும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் மாடிக்கு மேல்தளம் கம்பி கட்டும் வேலை. சென்ட்ரிங் தகடு முழுக்க அடித்தாகிவிட்டது. அதன் மேல் 14 பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் 4 மணிக்கு இன்ஜினியர் செக்கிங், இரவு கான்கிரீட் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. கம்பி வேலை டன் கணக்கு கான்ட்ராக்ட் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் நிழலுக்குப் போனால் மற்ற 13 பேரின் கூலியும் சேர்ந்து குறைகிறது, அதனால் யாரும் போவதில்லை. எல்லாருக்கும் கை வேகம், வாய் மூடல்.

விழுந்த தம்பிக்கு 24 வயது. ஜவ்வாது மலைக்காரர், சைட்டுக்கு வந்து மூன்றாம் நாள். நல்ல திடகாத்திரமான ஆள். மலையில் வளர்ந்தவனுக்கு வெயில் என்ன செய்யும் என்று மேஸ்திரி சொன்னார். விஷயம் தலைகீழ். மலையின் குளிர்ச்சிக்குப் பழகிய உடம்பை வேலூர் வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் அது தயாராக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமாகவே வியர்க்கும், நிறைய வியர்க்கும், வியர்வையில் உப்பைக் கொஞ்சமாகத்தான் விடும், ரத்தத்தில் நீரின் அளவும் கூடியிருக்கும். பழகாத உடம்பில் இது எதுவும் இல்லை. அமெரிக்காவில் எடுத்த கணக்குப்படி வெயிலில் வேலை செய்து சாகிறவர்களில் பெரும்பகுதி முதல் சில நாட்களில் இருப்பவர்கள்தான். ஊருக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் திரும்புகிற பழைய ஆளும் பாதி புது ஆள்தான்.

அன்றைக்கு செல்போன் 41 டிகிரி என்று காட்டியது. அந்த 41 எங்கே எடுத்தது? வானிலைத் துறையின் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், காற்று புகும்படி வைத்த வெப்பமானியில். நம் ஆள் நிற்பது அங்கே இல்லை. மேலே வெயில், கீழே தகடு, சுற்றிலும் கையுறை இல்லாமல் பிடிக்க முடியாத கம்பி. அதனால்தான் டபிள்யூபிஜிடி மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. காற்றின் சூடு, ஈரம், காற்றோட்டம், நேரடி வெயில் நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுக்கும். உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை இருக்கும், வெயிலை வாங்குவது அதுதான். 2 மணிக்குத் தளத்தின் மேல் அந்த மீட்டர் 33 காட்டியது. பார்க்க சின்ன எண்தான். ஐஎஸ்ஓ 7243 என்ற சர்வதேசத் தரத்தின்படி நடுத்தர உழைப்புக்கு வெயிலுக்குப் பழகிய ஆளுக்கு வரம்பு 28, பழகாத ஆளுக்கு 26. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே வரம்பு 33. அப்படியானால் அந்த நேரத்தில் அந்தத் தளத்தில் கம்பி கட்டும் வேலை என்பதே நடந்திருக்கக் கூடாது. சென்னைப் பக்கம் சைட் எடுத்திருப்பவர்களும் கவனியுங்கள்: அங்கே 36 டிகிரியாக இருந்தாலும் கடல் ஈரத்தால் வியர்வை காயாது, மீட்டர் இதே அளவுக்கு ஏறிவிடும்.

சரி, தண்ணீர். தரைத்தளத்தில் வாட்ச்மேன் அறை வாசலில் 20 லிட்டர் கேன் ஒன்று இருந்தது, காலி ஆனால் இன்னொன்று வரும். குடிக்க வேண்டுமென்றால் மூன்று தளம் ஏணியில் இறங்கி ஏற வேண்டும். அதனால் 10.30 மணி டீக்கு இறங்கியபோது ஒரு டம்ளர், 1 மணி சாப்பாட்டுக்கு இறங்கியபோது இரண்டு டம்ளர். அவ்வளவுதான் அந்தத் தம்பி குடித்தது.

இந்த வெயிலில் இந்த வேலைக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிக்குக் கொஞ்சம் மேல், குடிக்க வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்றால் உடம்பு அதற்குள் பின்தங்கிவிடும். குறைந்தபட்சம் மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பேர், 7 மணி நேரம் என்றால் 73 லிட்டருக்கு மேல் வருகிறது, நான்கு கேன். அன்றைக்கு சைட்டில் மொத்தம் வந்தது இரண்டு கேன், அதிலும் கொஞ்சம் டீ போடப் போனது. நான்கு கேனுக்கு ஆகும் செலவை எந்த ஒப்பந்தக்காரரும் எஸ்டிமேட்டில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சின்னது. கேன் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். வேலை நடக்கும் தளத்திலேயே, ஈரக் கோணி சுற்றி, நிழல் வலைக்குக் கீழே இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மேஸ்திரி விசில் அடிக்க, ஒரு ஆள் டம்ளரோடு எல்லாரிடமும் போய்க் கொடுக்க வேண்டும். கேட்டால் கொடுப்போம் என்பது சரிப்படாது, டன் கணக்கில் வேலை செய்பவர் கேட்க மாட்டார். விசிலுக்கு விசில் ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் கணக்கு சரியாகிவிடும்.

அதற்காக ஒரேயடியாகக் கொட்டவும் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவும் மயக்கத்தில்தான் கொண்டுவிடும். காலையில் சாப்பிட்டு வந்தவருக்கு உப்பு சாப்பாட்டிலேயே கிடைக்கும். வியர்வை கொட்டும் மதிய நேரத்தில் உப்புப் போட்ட மோர், நீராகாரம், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு டம்ளரில் ஒரு முழுப் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுப்பதை நிறைய சைட்டில் பார்க்கிறேன். அது தவறு, பாக்கெட்டின் மேலேயே அளவு போட்டிருக்கிறது. அப்புறம் பெண்கள். சித்தாள் வேலைக்கு வரும் அக்காக்கள் தண்ணீரே குடிப்பதில்லை, ஏனென்றால் சைட்டில் அவர்களுக்குக் கழிப்பறை இல்லை. எத்தனை கேன் வைத்தாலும் அந்தக் கணக்கு அங்கே உதவாது.

இனி அந்த மதியம். சுமார் 2.15 மணி இருக்கும். பக்கத்தில் வேலை செய்த அண்ணன் முதலில் கவனித்தது, தம்பி ஏற்கெனவே கட்டிய முடிச்சையே மறுபடியும் கட்டிக்கொண்டிருந்ததை. கட்டுக்கம்பியைச் சுற்றுகிறார், கொக்கியால் முறுக்குகிறார், அதே இடத்தில் திரும்பவும் சுற்றுகிறார். கொக்கி கையிலிருந்து நழுவித் தகட்டில் விழுந்தது, எடுக்கவில்லை. ஏதோ கேட்டதற்கு மாட்டைப் பிடித்துக் கட்டணும் என்று பதில் சொன்னார். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியாடா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கால் பின்னிச் சாய்ந்துவிட்டார்.

வெப்பத்தாக்கின் அடையாளம் அந்தச் சிரிப்புக்குள்தான் இருந்தது. வெயிலில் களைப்பாகி, தலை சுற்றி, வாந்தி வந்தாலும் புத்தி தெளிவாக இருந்தால் அது வெப்பச் சோர்வு. நிழல், தண்ணீர், படுக்கை, விசிறல் என்று சமாளிக்கலாம். புத்தி குழம்பிவிட்டால், உளறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கிவிட்டால் அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஊர்ப் பெயர் என்ன, இன்று என்ன கிழமை, மேஸ்திரி பேர் என்ன என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் வேறு சோதனை வேண்டாம்.

நம் ஆட்கள் ஏமாறும் இடம் வியர்வை. வேர்த்துக் கொட்டுதே, அப்புறம் எப்படி வெப்பத்தாக்கு என்று அன்றைக்கும் கேட்டார்கள். தோல் காய்ந்து போவது வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் முதியவர்களுக்கு வருகிற வகையில். உழைத்து விழுகிற இளைஞனின் சட்டை வியர்வையில் பிழியும்படி நனைந்துதான் இருக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சில சமயம் பெரிய சூடே தெரியாது. அக்குளில் வைக்கும் வெப்பமானியும் இந்த நேரத்தில் குறைத்துக் காட்டும். உள்சூட்டைச் சரியாகச் சொல்வது ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது மட்டும்தான், அது ஆஸ்பத்திரி வேலை. சைட்டில் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள், உளறல் போதும்.

அடுத்த பத்து நிமிடம் வீணாகப் போனது. ஒருவர் கோலி சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார். தம்பிக்கு விழுங்கும் நினைவு இல்லை, புரையேறி இருமினார். முழு நினைவு இல்லாதவர் வாயில் எது ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். கொஞ்சம் வலிப்பு வெட்டியதும் யாரோ பைக் சாவியைக் கையில் திணித்தார்கள். சாவியால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக அடங்கும் வரை அடிபடாமல் பார்த்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இது கிருமிக் காய்ச்சல் இல்லை, அந்த மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு அது இன்னொரு அடி.

கீழ்த்தளத்தில் இருந்த நான் சத்தம் கேட்டு ஏறியபோது ஆட்டோவுக்கு ஆள் போயிருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு 108-க்குப் போன் போடச் சொன்னேன். அந்த நேரத்து டிராஃபிக்கில் ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்கு மேல் ஆகும். உள்சூடு 40-க்கு மேல் எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதுதான் உயிரையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தீர்மானிக்கிறது. விழுந்து 30 நிமிடத்துக்குள் சூட்டை 40-க்குக் கீழே இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அந்த 30 நிமிடத்தை ஆட்டோவின் ரெக்சின் சீட்டில் செலவழித்தால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வெந்த உறுப்புகளைத்தான் ஒப்படைப்போம்.

தளத்திலிருந்து ஒரு தளம் மட்டும் இறக்கி, படிக்கட்டு நிழலில் கிடத்தினோம். ஹெல்மெட், ஷூ, சட்டை, பேன்ட் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று, உள்ளாடை மட்டும் இருந்தது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் அங்கே ஓடிய டிரில்லிங் மெஷின் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன், இதை மறந்தால் இரண்டு பேர் போவார்கள். அப்புறம் கியூரிங் ஹோஸ். பைப் காலையிலிருந்து வெயிலில் கிடந்ததால் முதலில் வந்தது கை வைக்க முடியாத வெந்நீர். அதை ஆள் மேல் அடித்திருந்தால் தோல் வெந்திருக்கும். ஹோஸை வெளியே காட்டி ஓடவிட்டு, கையில் பிடித்துப் பார்த்து, சம்ப் தண்ணீர் குளிர்ச்சியாக வர ஆரம்பித்ததும்தான் உடம்பின் மேல் திருப்பினோம்.

சிமென்ட் மூட்டை மூடும் தார்ப்பாயை அவருக்குக் கீழே செருகி, நான்கு பேர் நான்கு முனையைத் தூக்கிப் பிடித்தார்கள். நடுவில் தண்ணீர் தேங்கி, கழுத்து வரை உடம்பு மூழ்கியது. ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தலையைத் தூக்கிப் பிடித்தபடி, மூக்கும் வாயும் தண்ணீருக்கு வெளியே இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதை மட்டும் செய்தார், அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. மீன் கடையிலிருந்து கோணியில் ஐஸ் வந்தது, உடைத்துத் தார்ப்பாய்த் தண்ணீரிலேயே போட்டுக் கலக்கினோம். ஐஸ் தண்ணீரில் உடம்பு மூழ்கினால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும். ஐஸ் இல்லாவிட்டாலும் சம்ப் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி அட்டையால் விசிறினால் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. தார்ப்பாய்க்கு வழியில்லாத இடத்தில் ஈரத் துண்டால் உடம்பை மூடி மாற்றிக்கொண்டே, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸை வைக்கலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று ஒரு பெரியவர் தடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர் பேச்சைக் கேட்க முடியாது.

கால் மணி நேரம் ஆனதும் கண் திறந்தார். ஊர் எது என்று கேட்டதற்கு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் என்றார். லேசாக நடுங்கவும் ஆரம்பித்தார். சூடு இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம், ஐஸை எடுத்துவிட்டு ஈரத் துணியும் விசிறலும் மட்டும் தொடர்ந்தோம். 108 வந்தபோது விழுந்து அரை மணி நேரம் தாண்டியிருந்தது. எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தோம், வலிப்பு வந்தது, சோடா புரையேறியது என்று எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்த உள்சூடு 39.2. கண் விழித்துவிட்டாரே, வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று மேஸ்திரி கேட்டார். டாக்டர் விடவில்லை, விடாததும் சரிதான். மறுநாள் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார்கள். கல்லீரல் அளவுகள் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு ஏறின. டிரிப்ஸ் ஏற்றி ஏற்றித்தான் சரி செய்தார்கள். இப்போது ஊரில் நன்றாக இருக்கிறார், கம்பி வேலைக்கு வருவதில்லை.

உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். மே மாதம் நம் ஊரில் 6 மணிக்கு நல்ல வெளிச்சம். மேல்தளக் கம்பி வேலையும் சென்ட்ரிங்கும் 6-க்குத் தொடங்கி 11.30-க்கு நிற்கட்டும், மறுபடி 3.30-க்குப் பிறகு. நடுவில் நிழலில் செய்யும் வேலையைக் கொடுங்கள், கம்பி வளைப்பது, ஸ்டிரப் செய்வது போல. கேரளத்தில் கோடைதோறும் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது, அங்கேயும் கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. புது ஆளையும் ஊரிலிருந்து திரும்பிய ஆளையும் முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தாதீர்கள். புது ஆளுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. பழைய ஆள் திரும்பினால் முதல் நாள் பாதி. டன் கணக்கில் இது நடக்காது என்பீர்கள். அந்த நாலைந்து நாளுக்கு மட்டும் அந்த ஆளுக்கு நாள் கூலி போடுங்கள், அப்போதுதான் மற்றவர்களும் அவரை நிழலுக்கு விடுவார்கள்.

இன்ஜினியர்களிடம் தனியாக ஒன்று. காற்றின் சூடு 40-ஐத் தாண்டினால் அதை வெப்பகாலக் கான்கிரீட் என்று ஐஎஸ் 7861 தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதற்காக பிளான்டில் கலவைத் தண்ணீரில் ஐஸ் போடச் சொல்கிறீர்கள், ஜல்லிக்கு நிழல் போடச் சொல்கிறீர்கள், ஈரக் கோணி கேட்கிறீர்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் கையெழுத்துப் போடும் அந்தச் செக்லிஸ்ட்டில் கவர் பிளாக்குக்குக் கீழே இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. மேல்தளத்தில் தண்ணீர் இருக்கிறதா, தார்ப்பாயும் ஹோஸும் நிழலில் எடுத்து வைத்திருக்கிறதா, ஐஸ் எந்தக் கடையில் என்று மேஸ்திரிக்குத் தெரியுமா. இந்த மூன்றுக்கும் டிக் விழாமல் 11.30-க்கு மேல் ஆளை ஏற்ற வேண்டாம்.

சட்டம் பேச எனக்கு ஆசை இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குடிநீர் எங்கே இருக்க வேண்டும், கழிப்பறையிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 32-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதனால் சைட்டில் விழுந்தவரை மாரடைப்பு என்று சொல்லி அவசரமாக ஊருக்கு அனுப்பிவிடும் பழக்கம் இனி வேண்டாம். நீங்கள் மறைப்பது அந்தக் குடும்பத்தின் பணத்தையும் சேர்த்துத்தான்.

கத்திரி மே 4-இல் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு நாள் காலை டூல்பாக்ஸ் பேச்சு நேரத்தில் அரை மணி கொடுத்தால், எந்த சைட்டுக்கும் வந்து தார்ப்பாய் பிடிப்பதைச் செய்து காட்டத் தயார். ஆள் ஒருவரைப் படுக்க வைத்து உண்மையாகவே தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும், மாற்று உடை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரான சேஃப்டி சூப்பர்வைசர்,
வேலூர்